முதுகுவலியும் அதைச் சுற்றி வளர்ந்த பயமும்

வணக்கம் அம்மா.

சென்ற வியாழக்கிழமை கிளம்பும்போது கதவருகே நின்று ஒரு கேள்வி கேட்டீர்கள்: "அப்படியென்றால் இதெல்லாம் என் மனப்பிரமை என்கிறீர்களா?" நின்றபடி பதில் சொல்லி முடிக்கிற கேள்வி இல்லை அது. எழுதி அனுப்புவதாகச் சொல்லியிருந்தேன்.

உங்கள் வலி நிஜமானது. அதில் எனக்கு ஒரு துளி சந்தேகமும் இல்லை. யாருடைய வலி பொய் என்று துப்பறிவதற்காக வலி சிகிச்சைப் பிரிவில் உளவியலாளரை வைப்பதில்லை. உலக அளவில் மருத்துவர்கள் ஏற்றுக்கொண்ட வரையறையே, வலி என்பது உடலின் உணர்வும் மனத்தின் உணர்வும் சேர்ந்த அனுபவம் என்கிறது. 1979-இல் வகுத்ததை 2020-இல் திருத்தியபோதும் இந்த அம்சத்தை அவர்கள் மாற்றவில்லை. கால் முறிந்தவருக்கும் பல்வலிக்காரருக்கும் இது பொருந்தும். உங்களுக்கென்று தனியாகச் சொல்லப்பட்டதல்ல.

மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலியை நாள்பட்ட வலி என்கிறோம். தசையோ தசைநாரோ பிடித்துக்கொண்டால் பெரும்பாலும் அதற்குள் ஆறிவிடும். ஆனால் நரம்புகளும் முதுகுத் தண்டுவடமும் மூளையும் வலியைத் திரும்பத் திரும்பக் கையாண்டு, அதில் கூர்மை அடைந்துவிடலாம். முன்பு வலிக்காத அசைவு இப்போது வலிக்கிறது. கொஞ்சம் வலித்தது அதிகம் வலிக்கிறது. அந்தக் கூர்மையைத் தூக்கமின்மையும் கவலையும் கோபமும் ஏற்றிவிடும். நல்ல தூக்கமும் நம்பிக்கையும் அசைவும் மெல்லத் தணிக்கும். நான் உள்ளே வருவது இந்த இடத்தில்தான்.

"டிஸ்க் தேய்ந்திருக்கிறது" என்ற ஸ்கேன் அறிக்கையை உறைக்குள் பத்திரமாக மடித்துக் கொண்டுவந்தீர்கள். முதுகுவலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களை ஆராய்ந்த பல ஆய்வுகளை 2015-இல் தொகுத்துப் பார்த்தார்கள். உங்களைப் போல ஐம்பது வயதில் இருப்பவர்களில் ஏறத்தாழ 80 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானமும், 60 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுக்கமும் இருந்தன. இருபது வயதினரிலேயே 37 சதவீதம் பேருக்குத் தேய்மானம்! அறிக்கையில் இருப்பது பொய்யல்ல. ஆனால் "தேய்மானம்" என்ற சொல்லைப் படித்ததிலிருந்து, இன்னொரு முறை குனிந்தால் முதுகு ஒடிந்துவிடும் என்று நீங்கள் நம்பத் தொடங்கியிருக்கிறீர்கள். எலும்பு மருத்துவர் உங்களைப் பரிசோதித்து, ஆபத்தான காரணம் எதுவும் இல்லை என்று எழுதியிருக்கிறார். அந்த வரி உங்கள் மனத்தில் பதியவே இல்லை. அறிக்கைகள் எழுதப்படும் விதத்தின்மேல் எனக்கு நெடுநாள் வருத்தம் உண்டு. அது வேறு கதை.

அன்று என் பேனா கீழே விழுந்ததே, நினைவிருக்கிறதா? எடுத்துத் தர நினைத்தீர்கள். முதலில் மூச்சைப் பிடித்தீர்கள். இடது கை மேசை விளிம்பை இறுக்கியது. தாடை கெட்டித்தது. முதுகைப் பலகைபோல நிமிர்த்தி, முழங்காலை மட்டும் மடக்கி இறங்கப் பார்த்து, பாதியில் நிறுத்திவிட்டு "வேண்டாம், வலிக்கும்" என்றீர்கள். "வலிக்கிறது" என்று சொல்லவில்லை, "வலிக்கும்" என்றீர்கள். குனியும் முன்பே முதுகுத் தசை முழுதும் இறுகிவிட்டது. இறுகிய தசையோடு குனிந்தால் யாருக்கும் வலிக்கலாம்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். ஒரு முறை குனிந்தபோது சுரீரென்றது. அடுத்த முறை குனிய பயம். குனியாமல் விட்டதும் "அப்பாடா" என்று ஒரு நிம்மதி. சிக்கலே இந்த நிம்மதிதான். தவிர்த்ததால்தான் தப்பித்தோம் என்று மூளை பாடம் படித்துக்கொள்கிறது. குனிந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்று அறியும் வாய்ப்பு அதற்குக் கிடைப்பதே இல்லை. பிறகு குனிவதோடு தூக்குவது, படி ஏறுவது, விசேஷங்களுக்குப் போவது என்று பட்டியல் நீள்கிறது. பயன்படுத்தாத தசை தளர்கிறது, மனம் சோர்கிறது, நாள் முழுக்கக் கவனம் முதுகின்மேலேயே நிற்கிறது. வலி இன்னும் பெரிதாகத் தெரிகிறது. இதை அச்சத் தவிர்ப்பு என்கிறோம். கோழைத்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். அடிபட்ட புதிதில் உடலைக் காக்கிற அதே இயல்பு, காலம் கடந்தும் ஓயாமல் நிற்கிறது, அவ்வளவே.

இதிலிருந்து வெளியே வர, பயப்படுகிற அசைவையே சிறிது சிறிதாகச் செய்துபார்க்க வேண்டும். பயத்தைப் பூஜ்யம் முதல் பத்து வரை எண்ணாகச் சொல்லச் சொன்னேன். நாற்காலியில் உட்கார்ந்து கணுக்காலைத் தொடுவதற்கு மூன்று கொடுத்தீர்கள். தரையிலிருந்து வாளியைத் தூக்குவதற்குப் பத்து. மூன்றிலிருந்து தொடங்குவோம். செய்யும் முன் "என்ன ஆகும் என்று நினைக்கிறேன்" என்றும், செய்த பின் "என்ன ஆனது" என்றும் எழுதுங்கள். மூச்சை அடக்காமல், வெளியே விட்டபடி குனியுங்கள். கொஞ்சம் வலிக்கலாம். வலிப்பது வேறு, சேதமாவது வேறு. இதை என் வாய்ச்சொல்லாக நம்ப வேண்டாம், உங்கள் நோட்டில் விழுகிற வரிகளை நம்புங்கள்.

இதற்கு நேர்மாறான பழக்கமும் உங்களிடம் இருக்கிறது. வலி குறைந்த ஞாயிற்றுக்கிழமை என்றால் அலமாரி, பரண், துணி மடிப்பு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடித்துவிடுகிறீர்கள். திங்கள், செவ்வாய் படுக்கை. எழுந்ததும் விட்டதையெல்லாம் பிடிக்க மறுபடி ஓட்டம். இப்படி இருந்தால் உங்கள் நாளை நீங்கள் நடத்தவில்லை, வலி நடத்துகிறது.

ஆகவே வேலையை வலியால் அளக்காமல் கடிகாரத்தால் அளப்போம். நின்று வேலை செய்யும் நேரத்தை மூன்று நாள் குறித்தீர்கள்: 20, 10, 15 நிமிடங்கள். சராசரி 15. அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தால் 12. இதுதான் உங்கள் தொடக்க அளவு. 12 நிமிடம் ஆனதும் அலாரம் அடிக்கட்டும். துணி பாதி மடித்திருந்தாலும் உட்காருங்கள். ஐந்து நிமிடம் கழித்துத் தொடருங்கள். வலி ஏறிய பிறகு ஓய்வெடுப்பதைவிட அதற்கு முன்பே எடுப்பது நல்லது.

நல்ல நாளில் 12-க்கு மேல் போகாதீர்கள். உங்களுக்கு இதுதான் கடினம் என்று நினைக்கிறேன், கை பரபரக்கும். சுமாரான நாளிலும் அதே 12 முடிகிறதா என்று பாருங்கள். ஒரு வாரம் சிரமமின்றிப் போனால் ஒன்றோ இரண்டோ நிமிடம் கூட்டுவோம். கூட்டாமலே விட்டால் இதுவும் இன்னொரு தவிர்ப்பாகிவிடும்.

நடுவில் வலி திடீரென ஏறும். அது நிச்சயம். அப்போது அளவைப் பாதியாகக் குறையுங்கள், முழுக்கப் படுத்துவிடாதீர்கள். இரண்டு மூன்று நாளில் பழைய அளவுக்குத் திரும்பிவிடலாம். மாத்திரைகளை நீங்களாக நிறுத்த வேண்டாம். சிறுநீர், மலம் கட்டுப்படாமல் போவது, தொடை இடுக்கில் மரத்துப்போவது, கால் புதிதாகப் பலமிழப்பது, காரணமில்லாத காய்ச்சலோ எடைக்குறைவோ தெரிந்தால் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். முதல் மூன்றில் எது வந்தாலும் உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள். மற்றவற்றுக்குத் தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

அடுத்த வியாழக்கிழமை உங்கள் கணவரையும் அழைத்து வாருங்கள். நீங்கள் எதைத் தொட்டாலும் "நீ விடு, நான் பார்க்கிறேன்" என்று வாங்கிக்கொள்கிறார் என்றீர்கள். பாசம்தான். ஆனால் அவர் வாங்கிக்கொள்ளும் ஒவ்வொரு முறையும், உங்களால் முடியாது என்பது உறுதியாகிறது. 12 நிமிடம் வரை அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அதை நானே அவரிடம் சொல்கிறேன். நோட்டையும் மறக்காமல் கொண்டு வாருங்கள். எழுதாத நாள்கள் இருந்தால் அப்படியே இருக்கட்டும், வரும் வழியில் நிரப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
வலி சிகிச்சைப் பிரிவு உளவியலாளர்