துறைமுகப் பலகை: தமிழில்

அண்ணன்மார்களே, நீங்கள் அனுப்பிய போட்டோவில் இருப்பது இதுதான். இன்று இரவு கிளம்புவதற்குமுன் எல்லாரும் படித்துவிடுங்கள்.

காற்று எச்சரிக்கை
இன்று மாலை 6 மணி முதல் நாளை பகல் 12 மணி வரை. வடமேற்குக் காற்று 25 முதல் 30 நாட். இடையிடையே 40 நாட் வரை வீசியடிக்கும். அலை 3 முதல் 4 மீட்டர்.

'வடமேற்கு' என்றால் வடமேற்கிலிருந்து வருகிற காற்று, அந்தப் பக்கம் போகிற காற்று அல்ல. 1 நாட் மணிக்கு 1.852 கிலோமீட்டர், ஆக 40 நாட் என்பது ஏறக்குறைய 74 கிலோமீட்டர்.

கொடிகள்
பச்சை: போகலாம்.
மஞ்சள்: 12 மீட்டருக்குக் குறைந்த படகுகள் போகக் கூடாது. மற்றவை அலுவலகத்தில் சொல்லிவிட்டுப் போகலாம்.
சிவப்பு: எந்தப் படகும் வெளியே போகக் கூடாது. வெளியே இருப்பவர்கள் உடனே கரை திரும்ப வேண்டும்.

இரவு விளக்கு
ஒன்றின்மேல் ஒன்றாக 3 சிவப்பு விளக்கு நிலையாக எரிந்தால் நகரக் கூடாது. மூன்றும் விட்டுவிட்டு எரிந்தால் பெரிய ஆபத்து: எல்லாப் படகும் நின்று, துறைமுகத்தின் உத்தரவுக்குக் காத்திருக்க வேண்டும்.

போட்டோவில் கீழ் வரி வெயில் பட்டு வெளுத்துவிட்டது. ஒரு ரேடியோ சேனல் எண் தெரிகிறது, 12ஆ 13ஆ என்று புரியவில்லை. ஊகித்து எழுத எனக்கு மனசில்லை. கிட்டப் போய் இன்னொரு படம் எடுத்து அனுப்புங்கள், கொடிக்கம்பமும் தெரிய வேண்டும். இப்போது என்ன நிறம் பறக்கிறது என்று இந்தப் படத்தில் இல்லை.