புதுப்பித்த வீட்டில் பால் காய்ச்சிய நாளில் மகளின் உரை

எல்லோருக்கும் வணக்கம்.

பெரியப்பா, பெரியம்மா, மாமா, அத்தைமார்கள், பங்காளிகள், எங்கள் தெருவின் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் வந்திருக்கிறவர்கள், பட்டுக்கோட்டையிலிருந்தும் பேராவூரணியிலிருந்தும் முதல் பஸ்ஸிலேயே வந்து இறங்கிய அப்பாவின் நண்பர்கள், அனைவரும் வாருங்கள். பால் நன்றாகப் பொங்கி வழிந்தது. பந்தி போடுவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் பேசிக்கொள்கிறேன் என்று தம்பியிடம் கேட்டு வாங்கியிருக்கிறேன். அப்பாவும் அம்மாவும் நாலு பேர் முன்னால் நின்று பேசுகிறவர்கள் இல்லை. அவர்கள் சொல்லாததையும் சேர்த்து நான் சொல்ல வேண்டும்.

இது தாத்தா கட்டிய வீடு. திண்ணை, ஆளோடி, முற்றம், கூடம், கொல்லை என்று எல்லாம் அவர் போட்ட அளவுதான். அப்பத்தா இந்த முற்றத்தில் நெல் அவித்திருக்கிறார். எங்கள் இரண்டு அத்தைகளின் கல்யாணமும் இந்தக் கூடத்தில்தான் நடந்தது. ஆனால் இன்றைக்கு நான் பேச வந்தது தாத்தா கட்டிய வீட்டைப் பற்றி அல்ல, அதை அப்பாவும் அம்மாவும் காப்பாற்றிய விதத்தைப் பற்றி.

2018 நவம்பர் 16 அதிகாலையை இங்கே இருக்கிற யாரும் மறக்க முடியாது. கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கரையேறி நம் பக்கம் வந்த நேரம். இந்தக் கூரையின் ஓடுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பெயர்ந்து முற்றத்தில் விழுந்து உடைந்தன. நெல் அறை மட்டும்தான் நின்றது. அந்த அறைக்குள் நாங்கள் மட்டும் இருக்கவில்லை. கூரை வீட்டில் இருந்த பக்கத்து வீட்டுக்காரர்களையும், அவர்கள் கைக்குழந்தையையும், கன்றுக்குட்டியையும் அப்பா காற்று வலுக்கும் முன்பே போய் அழைத்து வந்திருந்தார். அம்மா முந்தின நாள் மாலையே எல்லாக் குடங்களிலும் தண்ணீர் பிடித்து, பெரிய பானையில் சோறு வடித்து அந்த அறைக்குள் வைத்திருந்தாள். எத்தனை பேர் வந்தாலும் போதவேண்டும் என்ற கணக்கில் வடித்த சோறு அது.

விடிந்ததும் அப்பா கூரையை நிமிர்ந்து பார்க்கவில்லை. நேராகத் தோப்புக்குப் போனார். தாத்தா வைத்த மரங்களும் அவர் வைத்த மரங்களும் ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தன. அதற்குப் பிறகு கையில் கிடைத்த ஒவ்வொரு ரூபாயும் தோப்புக்குத்தான் போயிற்று. விழுந்த மரங்களை அப்புறப்படுத்த வேண்டும், குழி எடுக்க வேண்டும், கன்று வைக்க வேண்டும். கன்று காய்ப்புக்கு வர எத்தனை வருஷம் ஆகும் என்று இங்கே யாருக்கும் நான் சொல்லத் தேவையில்லை. அதுவரை வீட்டுக்குத் தார்ப்பாய்தான். மழை பெய்தால் அம்மா கூடத்தில் எங்கெங்கே சொட்டும் என்று பார்க்காமலே குண்டானையும் வாளியையும் கொண்டுபோய் வைப்பாள். ஒரு நாள்கூட அப்பாவிடம் அதைக் குறையாகச் சொன்னதில்லை.

அப்போது அப்பா செய்த ஒரு காரியத்தை இன்று எல்லோருக்கும் காட்ட ஆசைப்படுகிறேன். தயவுசெய்து தாழ்வாரத்தை அண்ணாந்து பாருங்கள். அந்தக் கைமரங்கள் அனைத்தும் கஜாவில் விழுந்த நம் தென்னைகள். மரத்தை என்ன செய்வது என்று ஊரே தவித்த நேரத்தில், வயதான மரங்களின் அடிப்பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்து, அறுத்து, மாட்டுக்கொட்டகையில் மழை படாமல் அடுக்கிவைத்தார் அப்பா. எதற்கு என்று கேட்டதற்கு, "இருக்கட்டும், உதவும்" என்றார். நன்றாகக் காய்ந்து முற்றிய அந்த மரத்தில் உளி இறங்குவதற்கே ஆசாரி சிரமப்பட்டார். முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசி மேலே ஏற்றியிருக்கிறோம். தாத்தா தண்ணீர் ஊற்றி வளர்த்த மரம் இனி இந்த வீட்டைத் தாங்கும். அப்பா, உங்கள் மகளாக எனக்கு இதைவிடப் பெருமை வேறு இல்லை.

இடித்துவிட்டுத் தளம் போட்டுக் கட்டுங்கள் என்று சொன்னவர்கள் நிறையப் பேர். அக்கறையோடுதான் சொன்னார்கள். ஆனால் சுவர்கள் நன்றாக இருந்தன. நடுவில் எப்போதோ ஒட்டுப்போட்ட சிமெண்ட் பூச்சுதான் ஈரத்தை உள்ளே பிடித்துவைத்துப் பொரிந்து உதிர்ந்துகொண்டிருந்தது. அதைச் சுரண்டி எடுத்துவிட்டுச் சுண்ணாம்பு பூசலாம் என்று சொன்னவர் நம் கொத்தனார். சுண்ணாம்பை நீற்றி, ஊறவைத்து, கடுக்காயும் பனைவெல்லமும் ஊறிய தண்ணீர் விட்டு அரைத்துப் பூசினார்கள். அந்தச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், இந்த வெயிலிலும் குளிர்ச்சியாக இருக்கிறது. கூடத்தில் ஆத்தங்குடி கல். தூண்களில் மூன்றின் அடிப்பகுதி செல்லரித்துப் போயிருந்தது. ஆசாரி அந்தப் பகுதியை மட்டும் அறுத்துவிட்டுப் புது மரம் கோத்துப் பொருத்தினார். எந்தத் தூண்கள் என்று தேடினாலும் கண்டுபிடிக்க முடியாது.

கொத்தனாரும் ஆசாரியும் சித்தாள் வேலைக்கு வந்த அக்காக்களும் இங்கேதான் இருக்கிறார்கள். உங்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. வெயிலிலும் ஓடு மாற்றினீர்கள், கூலிக்கு மேலே மனத்தையும் வைத்து வேலை செய்தீர்கள்.

தம்பிக்கும் சொல்ல வேண்டும். சிங்கப்பூரில் ஓவர்டைம் பார்த்து அனுப்பிய பணம் இந்த வீட்டின் ஓட்டிலும் கல்லிலும் இருக்கிறது. நீ வாட்சப்பில் ஒவ்வொரு நாளும் சுவரைக் காட்டச் சொல்லிப் பார்த்தாய். இன்று நேரில் பார்க்கிறாய் அல்லவா, நன்றாகப் பார்த்துக்கொள்.

இனி அம்மாவுக்கு. வேலை தொடங்கும்போது, "உனக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டோம். அம்மா யோசித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள். அடுப்பங்கரையில் கொல்லைப்பக்கம் பார்த்து ஒரு ஜன்னல். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து சுவரைப் பார்த்தபடி, புகையில் நின்று சமைத்திருக்கிறாள். எங்களுக்கும், தாத்தாவுக்கும், அப்பத்தாவுக்கும், அறுப்பு ஆட்களுக்கும், விருந்தாளிகளுக்கும் சோறு போட்ட கை கேட்டது ஒரு ஜன்னல் மட்டும்தான். அதைப் பெரிதாகவே வைத்திருக்கிறோம். அங்கே நின்றால் கிணற்றடியும் முருங்கையும் தெரியும், தெருவுக்குப் போகாமலே அத்தையிடம் பேசலாம். மேடையையும் உன் உயரத்துக்கு அளந்துதான் போட்டிருக்கிறோம், அம்மா.

நீ கேட்காததையும் செய்திருக்கிறோம். குளியலறையும் கழிப்பறையும் இனி வீட்டுக்குள்ளேயே இருக்கின்றன. இரவில் கொல்லைக்கு டார்ச் எடுத்துக்கொண்டு போக வேண்டாம். பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறது, தரை வழுக்காது. அப்பாவின் முழங்காலுக்காகத் திண்ணைப் படிகளின் உயரத்தைக் குறைத்திருக்கிறோம். அப்பா இதெல்லாம் எதற்கு என்றுதான் சொன்னார். எங்களுக்கு வேண்டும், அப்பா. நீங்கள் இருவரும் விழாமல், நனையாமல், நிம்மதியாக இருக்கிறீர்கள் என்று தெரிந்தால்தான் எனக்குத் திருச்சியிலும் தம்பிக்குச் சிங்கப்பூரிலும் மழை இரவில் தூக்கம் வரும்.

ஒரு வேண்டுகோள். புது வீடு அழுக்காகிவிடும் என்று யாரையும் வெளியிலேயே நிறுத்திவிடாதீர்கள். தேங்காய் இறக்க வருகிறவர்கள் திண்ணையில் உட்காரட்டும். பேரப்பிள்ளைகள் முற்றத்து மழையில் ஆடட்டும். பக்கத்து வீட்டுக் கல்யாணம் என்றால் கூடத்தைத் திறந்து கொடுங்கள். தாத்தா காலத்தில் இந்த வீடு அப்படித்தான் இருந்தது, கஜா இரவிலும் அப்படித்தான் இருந்தது.

மாமா கையசைக்கிறார், இலை போட்டாகிவிட்டதாம். எப்போதும் கடைசிப் பந்தியில் சாப்பிடுகிற அம்மாவும் அப்பாவும் இன்று முதல் பந்தியில், நடுக்கூடத்தில், பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டும். பரிமாறுவது நானும் தம்பியும். கொத்தனாரும் ஆசாரியும் அவர்களுக்கு எதிரே அமரும்படி கேட்டுக்கொள்கிறேன். எல்லோரும் வாருங்கள், சாப்பிடலாம்.