250 கிராம் வால்வு பை: வரும் வருடத் தேவையும் ஸ்லாப் விலையும்

அண்ணா, வணக்கம். ஏற்காட்டிலிருந்து காபித்தூள் கடைக்காரன். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும் என்று எழுதியே அனுப்புகிறேன், கணக்குப் பார்க்கிறவரிடமும் காட்டிவிடுங்கள்.

ஏப்ரல் முதல் இதுவரை 250 கிராம் பை 28,000 எடுத்திருக்கிறேன், எல்லாம் எட்டுத் தடவையாக, மூவாயிரம் நாலாயிரம் என்று. ஒவ்வொரு தடவையும் உங்களுக்கு சிலிண்டர் ஏற்றி, கலர் செட் பண்ணி, முதலில் வரும் ஃபிலிமைக் கழித்துப் போட்டு, அப்புறம்தான் நல்ல பை வரும் என்பது எனக்கும் தெரியும். அந்தச் செலவெல்லாம் சேர்ந்துதான் ஒரு பை 11.40 ஆகிறது, அதைத் தப்பு சொல்லவில்லை. இனிமேல் அப்படிச் சில்லறையாக எடுக்கப் போவதில்லை, அதனால்தான் விலையைப் பற்றிப் பேச வருகிறேன்.

வரும் ஏப்ரலிலிருந்து ஒரு வருடத்துக்கு 60,000 பை ஆகும் என்று நினைக்கிறேன். எங்கள் கடையில் மட்டும் 24,000. டிசம்பரிலிருந்து செவ்வாய்பேட்டையிலும் அஸ்தம்பட்டியிலும் இரண்டு கடைகளுக்குப் போடுகிறோம், மாதம் 1,700, 1,800 பாக்கெட் தவறாமல் போகிறது, அது வருடத்துக்கு 21,000. இந்த 45,000 உறுதி, எழுதிக் கையெழுத்துப் போட்டே தருகிறேன். மீதி 15,000-இல் ரிசார்ட், ஹோம்ஸ்டே ஆட்கள் கேட்டிருப்பது 9,000, கூரியரில் போவது 6,000. இது நடக்கும் என்று நம்புகிறேன், ஆனால் வாக்குக் கொடுக்க மாட்டேன்.

நான் கேட்பது கரண்ட் பில் ஸ்லாப் மாதிரி. வருட மொத்தத்தில் முதல் 20,000 பைக்கு இப்போதைய 11.40-ஏ இருக்கட்டும். அடுத்த 20,000 பைக்கு 10.80. 40,000 தாண்டினால் 10.20. 60,000-க்கு மேல் போனால் 9.80. தாண்டிய பைக்கு மட்டும்தான் குறைந்த விலை, முன்னால் எடுத்ததற்குத் திரும்பக் கேட்க மாட்டேன். ஸ்லாபை எட்டாவிட்டால் எனக்குத்தான் நஷ்டம், உங்களுக்கு ஒன்றும் இல்லை. 60,000 முழுதாக எடுத்தால் 6,48,000 ரூபாய் பில், இப்போதைய விலையில் 6,84,000. அதாவது எனக்கு மிச்சம் 36,000. உறுதியான 45,000 மட்டும் என்றால் 18,000-தான். எல்லாம் ஜிஎஸ்டி தனி. ஆனால் ஒன்று, ஸ்லாப் ஒரே பில்லில் எவ்வளவு என்று பார்க்காமல் வருடக் கூட்டுத்தொகையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எனக்குப் பிரயோஜனம் இல்லை. மேலே கடையில் அவ்வளவு பையை அடுக்க இடம் ஏது?

பதிலுக்கு எட்டு ஆர்டரை நாலாக ஆக்கிக்கொள்கிறேன்: ஏப்ரலில் 20,000 (மே சீசனுக்கு), ஆகஸ்டில் 10,000, செப்டம்பர் கடைசியில் 20,000, டிசம்பரில் 10,000. டிசைனை வருடம் முழுக்கத் தொட மாட்டேன். வண்டி இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வர வேண்டாம், சேலத்தில் லாரி பார்சல் ஆபீஸில் இறக்கினால் நானே எடுத்துக்கொள்கிறேன். கடன் கேட்கவில்லை, வழக்கம்போல பாதி அட்வான்ஸ், மீதி அனுப்பும் முன். ஃபிலிம் விலை ஏறினால் ஆர்டருக்கு முன்னால் சொல்லுங்கள், அடிப்படை விலையைப் பேசிக்கொள்ளலாம், ஸ்லாபுக்கு ஸ்லாப் உள்ள வித்தியாசம் மட்டும் மாறக்கூடாது.

விலை குறைக்கச் சொன்னேன் என்று மைக்ரானைக் குறைத்துவிடாதீர்கள், வால்வையும் மாற்ற வேண்டாம். போன மாதம் வால்வு சரியாக ஒட்டாத ஒரு இருபது பை இருந்தது. வறுத்த சூட்டோடு பேக் பண்ணினதில் மறுநாள் காலை தலையணை மாதிரி உப்பி நின்றன, ஒரு வாடிக்கையாளர் கையிலேயே அமுக்கிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டுப் போனார். ஏற்காட்டுக்கு வரும் சிப்ஸ் பாக்கெட்டே உப்பித்தான் வரும், அது உயரத்தால், யாரும் கேட்பதில்லை. காபி பை உப்பினால் கெட்டுப்போனது என்கிறார்கள்.

500 கிராம் பை வருடத்துக்கு எட்டாயிரம்தான், அதைப் பழைய விலையிலேயே விட்டுவிடலாம்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், சேலத்திலேயே ஒருத்தர் 60,000-க்கும் ஒரே விலை 10.30 என்றார். சிலிண்டர் செலவு என் தலையில், சாம்பிளில் ஓரம் பிரிந்தது, அதோடு விட்டுவிட்டேன். உங்களிடம் நாலு வருடமாக எடுத்த பையில் ஓரம் பிரிந்ததில்லை.

அச்சாகி வர மூன்று வாரம் எடுக்கிறதே, அதனால் மார்ச் 10-க்குள் சரியா இல்லையா என்று சொல்லிவிட்டால் அன்றைக்கே முதல் 20,000-க்கு அட்வான்ஸ் போட்டுவிடுகிறேன். எந்த ஸ்லாபிலாவது பத்துப் பைசா, இருபது பைசா இடித்தால் எது என்று மட்டும் சொல்லுங்கள்.