நிலாவின் நாலு நிமிஷ ஆட்டங்கள்

நிலாக்குட்டி,

இந்தத் தாளை உன் மேசைக்கு மேலே, கண்ணுக்கு நேராக ஒட்டியிருக்கிறேன். போன வாரம் முழுக்க உன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன் இல்லையா? முதல் அரை மணி நேரம் உன் எழுத்து முத்து முத்தாக விழுகிறது. அதற்கப்புறம் தோள் காதுவரை ஏறுகிறது, பென்சில் வாய்க்குப் போகிறது, ஒரே வரியை மூன்று தடவை படிக்கிறாய். அது சோம்பேறித்தனம் இல்லை, கண்ணு. "என்னைக் கொஞ்சம் எழுப்பி விடேன்" என்று உடம்பு கேட்கிறது. அதற்குத்தான் இந்த ஆட்டங்கள்.

25 நிமிஷம் பாடம், 4 நிமிஷம் ஆட்டம். டைமரை நீயே வை, நீயே நிறுத்து. பாதிக் கணக்கில் மணி அடித்தால் அதை முடித்துவிட்டு எழு. எழுவதற்கு முன்னால் அடுத்து செய்ய வேண்டியதற்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு அம்புக்குறி போட்டுவிடு. திரும்பி வந்ததும் எங்கே விட்டோம் என்று தேட வேண்டாம். மூன்று சுற்று முடிந்ததும் 20 நிமிஷம் பெரிய இடைவேளை. தண்ணீர் குடி, வெளியே போய் ஓடு.

ஆட்ட நேரத்தில் போன் வேண்டாம். நாலு நிமிஷத்தில் அதைக் கீழே வைக்கப் பெரியவர்களாலேயே முடிவதில்லை.

தூக்கம் தூக்கமாக வந்தால்

*பகடை மிருகம்.* பென்சில் டப்பாவில் ஒரு பகடை போட்டு வைத்திருக்கிறேன். உருட்டு. விழுந்த எண்ணுக்கு ஏற்ற மிருகமாகி, கட்டிலிலிருந்து கதவு வரை போய்த் திரும்பி வா.

1 – தவளை: குந்தி உட்கார்ந்து தாவு.
2 – நண்டு: உட்கார்ந்து கைகளைப் பின்னால் ஊன்று, இடுப்பைத் தூக்கு, பக்கவாட்டில் நட.
3 – கரடி: கையும் காலும் தரையில், முட்டி மட்டும் தரையில் படக் கூடாது.
4 – கொக்கு: ஒவ்வொரு அடிக்கும் ஒற்றைக் காலில் மூன்று எண்ணும்வரை நில்.
5 – ஆமை: எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாக. நிற்கவும் கூடாது. (ஆறிலும் இதுதான் கஷ்டம். ஆடிப் பார்த்தால் தெரியும்.)
6 – உன் இஷ்டம்.

ராத்திரி எட்டு மணிக்கு மேல் தவளை வேண்டாம், கீழ்வீட்டில் குழந்தை தூங்கும். 1 விழுந்தால் பூனை மாதிரி சத்தமே இல்லாமல் நட.

*நாடி எண்ணல்.* ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் இரண்டு விரலை மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கமாக வைத்து 15 விநாடி எண்ணு. அதை நாலால் பெருக்கினால் ஒரு நிமிஷத்துக்கு இதயம் எத்தனை தடவை துடிக்கிறது என்று வரும். மிருக நடை முடிந்ததும் மறுபடி எண்ணு. இரண்டு எண்ணையும் எழுதி வை, அடுத்த தடவை வரும்போது பார்க்கிறேன்.

தலை கனமாக, குழப்பமாக இருந்தால்

இந்த ஆட்டங்களில் நிறையத் தப்பு வரும், வர வேண்டும். தப்பு வரும்போதெல்லாம் சிரி.

*மூக்கும் காதும்.* வலது கையால் மூக்கைப் பிடி. இடது கையைக் குறுக்கே கொண்டுபோய் வலது காதைப் பிடி. ஒரு தடவை கை தட்டிவிட்டு மாற்று: இப்போது இடது கை மூக்கில், வலது கை இடது காதில். முதலில் மெதுவாக, அப்புறம் வேகமாக. இரண்டு கையும் மூக்குக்கே போய் முட்டிக்கொள்ளும் பார்!

*தலைகீழ் ராஜா.* இதற்குப் பாட்டி வேண்டும். பாட்டி சொல்வதற்கு நேர்மாறாக நீ செய்ய வேண்டும். "உட்கார்" என்றால் எழு. "முன்னால் வா" என்றால் பின்னால் போ. "கையைத் தூக்கு" என்றால் கீழே போடு. காது ஒன்று கேட்க, கால் வேறு செய்வதற்கு மூளை ஒரு நொடி தன்னைத் தடுத்து நிறுத்த வேண்டும். அந்த ஒரு நொடிதான் ஆட்டமே. பத்து சரியாகச் செய்தால் நீ ராஜா, அடுத்து பாட்டிக்கு நீ சொல்லலாம். பாட்டிக்கு முட்டி வலி, அதனால் கை, தலை, விரல் கட்டளைகள் மட்டும்.

*நரி நடை.* முழங்காலை இடுப்பு வரை தூக்கி, வலது முழங்கை இடது முழங்காலிலும், இடது முழங்கை வலது முழங்காலிலும் படும்படி நின்ற இடத்திலேயே நட. நடந்துகொண்டே "ஓடுற நரியில ஒரு நரி கிழ நரி" என்று சொல். ஒவ்வொரு அடிக்கும் ஒரு சொல். நாக்கு குழறினால் முதலிலிருந்து. இந்த ஆட்டத்தில் வாய்ப்பாடு சொல்லக் கூடாது என்று அம்மாவிடமும் சொல்லியாயிற்று. இடைவேளைக்குள் கணக்கு நுழைந்தால் அது இடைவேளை இல்லை.

*சாக்ஸ் பந்து.* பழைய சாக்ஸைச் சுருட்டி மேலே எறி, கீழே வருவதற்குள் ஒரு தடவை கை தட்டிப் பிடி. அடுத்து இரண்டு தட்டு, மூன்று தட்டு. என் சாதனை ஆறு.

கை வலித்தால், கண் எரிந்தால்

பென்சிலைக் கீழே வை. கட்டைவிரலால் மற்ற நாலு விரலையும் வரிசையாகத் தொடு, பின்னாலிருந்து திரும்பி வா. அடுத்து இரண்டு கையும் சேர்த்து: வலது கை ஆள்காட்டி விரலில் தொடங்கட்டும், இடது கை சுண்டு விரலில் தொடங்கட்டும்.

கண்ணுக்கு ஜன்னல். கிட்டே இருப்பதையே பார்த்துக்கொண்டிருந்தால் கண்ணுக்குள் இருக்கும் ஒரு குட்டித் தசை இறுகியே இருக்கும். தூரத்தில் பார்த்தால் அது தளரும். 6 மீட்டருக்கு அப்பால் இருக்கும் எதையாவது 20 விநாடி பார். பச்சையாக ஐந்து, வட்டமாக மூன்று, அசைவது ஒன்று கண்டுபிடி. நன்றாகக் கண் சிமிட்டு.

அழுகை வந்தால், கோபம் வந்தால்

துள்ளாதே. சுவரிடம் போ. இரண்டு உள்ளங்கையையும் சுவரில் ஊன்றி, ஒரு காலைப் பின்னால் வைத்து, வீட்டையே நகர்த்தப் போகிற மாதிரி தள்ளு. பத்து எண்ணி விடு. ஐந்து தடவை. சுவர் நகராது, ஆனால் தோள் கீழே இறங்கும். அப்புறமும் அழுகை வந்தால் பாட்டியிடம் போய் உட்கார்ந்துகொள். டைமரை யாரும் பார்க்க மாட்டார்கள்.

எந்த ஆட்டம் ஆடினாலும் கடைசி ஒரு நிமிஷம்

மூச்சு வாங்கிக்கொண்டே போய் உட்கார்ந்தால் எழுத்து ஓடாது. முதலில் கொக்கு நிலை: ஒற்றைக் காலில் பத்து எண்ணு. அப்புறம் சுவருக்குப் பக்கத்தில் நின்று கண்ணை மூடிக்கொண்டு செய். ஆடிப் போவாய். நிற்பதற்குக் காதுக்குள் இருக்கும் மூன்று வளைந்த குழாய்கள் மட்டுமில்லை, கண்ணும் உதவுகிறது, அதனால்தான்.

பிறகு நாற்காலியில் உட்கார்ந்து இடது கையை விரித்து வை. வலது ஆள்காட்டி விரலால் ஒவ்வொரு விரலாக வரைந்துகொண்டு போ: மேலே ஏறும்போது மூச்சை இழு, இறங்கும்போது விடு. ஐந்து விரல், ஐந்து மூச்சு. அம்புக்குறி எங்கே என்று பார். பென்சிலை எடு.

பாட்டிக்கு

அம்மா, வேலை முடிந்தால்தான் ஆட்டம் என்று தயவுசெய்து சொல்லாதே. மணி அடித்தால் எழட்டும், எழுதியது ஒரு வரியானாலும் சரி. ஒரே ஆட்டத்தைப் பத்து நாள் கேட்டால் ஆடட்டும். இன்னொன்று: இந்தத் துண்டு நிமிஷங்கள் சாயங்கால விளையாட்டுக்கு ஈடு ஆகாது. 5 முதல் 17 வயதுப் பிள்ளைகள் ஒரு நாளைக்குச் சராசரியாக 60 நிமிஷமாவது நன்றாக ஓடியாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வீட்டுப்பாடம் மிச்சம் இருந்தாலும் ஆறு மணிக்கு அவளை வெளியே அனுப்பிவிடு.

நிலா, தாளின் பின்பக்கம் காலியாக இருக்கிறது. நீயே கண்டுபிடிக்கும் ஆட்டங்களை அங்கே எழுது. சாக்ஸ் பந்தில் ஏழு தட்டு தட்டிப் பிடித்தால் உடனே எனக்குப் போன் போடு.

– சித்தி