உடனடிப் பணி விலகல் கடிதமும் பொறுப்பு ஒப்படைப்புக் குறிப்பும்

அனுப்புநர்:
ப. கவிதா,
மூத்த மெர்ச்சண்டைசர் (பணியாளர் எண் 0417),
ஏற்றுமதிப் பிரிவு, திருப்பூர்.

பெறுநர்:
மேலாண்மை இயக்குநர் அவர்கள்,
தலைமை அலுவலகம், அவிநாசி சாலை, திருப்பூர்.

நாள்: 14.10.2024, திங்கள், காலை 9.30

பொருள்: இன்று மாலை முதல் பணியிலிருந்து விலகுவது குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். 03.06.2017 முதல் நான் வகித்து வரும் பணியிலிருந்து இன்று (14.10.2024) மாலை 6 மணியுடன் விலகிக்கொள்கிறேன். இன்றே என் கடைசிப் பணிநாள். இது நானே யோசித்து எடுத்த முடிவு. இதை மாற்றிக்கொள்ளும் எண்ணம் இல்லாததால், மறுபரிசீலனைக்காகத் தாங்கள் நேரம் ஒதுக்க வேண்டியதில்லை எனப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

என் நியமன ஆணையின் 9-ஆம் பிரிவு, விலகுபவர் ஒரு மாத முன்னறிவிப்புத் தர வேண்டும், தராவிட்டால் ஒரு மாத அடிப்படைச் சம்பளத்தை ஈடாகச் செலுத்த வேண்டும் என்கிறது. இரண்டாவது வழியை ஏற்கிறேன். அந்த ரூ. 19,500-ஐ எனக்கு வர வேண்டிய தொகையில் கழித்துக்கொள்ளச் சம்மதிக்கிறேன். இக்கடிதத்தையே எழுத்துபூர்வமான சம்மதமாகக் கொள்ளலாம்.

கணக்குப் பிரிவுக்கு எளிதாக இருக்கட்டும் என்று நான் போட்ட கணக்கைக் கீழே தருகிறேன். அக்டோபர் மாதத்தின் 14 நாள் சம்பளம், மாதம் ரூ. 31,000 வீதம், ரூ. 14,000. மீதமுள்ள ஈட்டிய விடுப்பு 18 நாள், நாளுக்கு ரூ. 750 வீதம், ரூ. 13,500. இரண்டும் சேர்ந்து ரூ. 27,500. இதில் முன்னறிவிப்பு ஈடு போக ரூ. 8,000 நிற்கும். வருங்கால வைப்பு நிதிப் பிடித்தத்தை இதில்தான் கழிக்க வேண்டும், நான் கழிக்கவில்லை. ஈரோடு பயணத்துக்கு வாங்கிய முன்பணம் ரூ. 5,000-இல் செலவு ரூ. 3,240. ரசீதுகளையும் மீதி ரூ. 1,760-ஐயும் இன்று மதியத்துக்குள் காசாளரிடம் கட்டிவிடுகிறேன். எனவே அது செட்டில்மென்ட்டில் மறுபடி வரக் கூடாது.

பணிக்கொடையை இதிலிருந்து தனியாக வைத்துப் பார்க்க வேண்டுகிறேன். பணிக்கொடைச் சட்டம், 1972-இன்படி ஐந்து ஆண்டுத் தொடர் பணி முடிந்திருக்கிறது. என் பணிக்காலம் 7 ஆண்டு 4 மாதம் சொச்சம். ஆறு மாதத்துக்குக் குறைந்த மிச்சம் கணக்கில் சேராது என்பதால் 7 ஆண்டுகள். ரூ. 19,500 × 15 ÷ 26 × 7 = ரூ. 78,750. விண்ணப்பத்தை இத்துடன் இணைத்துள்ளேன். சட்டம் தரும் 30 நாள் அவகாசத்துக்குள் வந்தால் போதும். முன்னறிவிப்பு ஈட்டையோ வேறு பாக்கியையோ இத்தொகையில் நேர் செய்ய வேண்டாம். தீபாவளி போனஸ் பற்றி நான் ஏதும் கோரவில்லை. நிறுவன வழக்கப்படி தாங்கள் முடிவு செய்வதை ஏற்றுக்கொள்கிறேன்.

வருங்கால வைப்பு நிதி இணையதளத்தில் என் விலகல் நாளை 14.10.2024 என்றும் காரணத்தைப் பணி விலகல் என்றும் பதிவு செய்யும்படி மனிதவளப் பிரிவுக்குச் சொல்ல வேண்டுகிறேன். இந்த நாள் பதிவாகாமல் இருந்தாலோ, சம்பளப் பட்டியலிலும் அங்கும் வேறு வேறாக இருந்தாலோ, பின்னர் கணக்கை மாற்றும்போது விண்ணப்பம் திரும்பி வந்துவிடும். பணி விடுவிப்புக் கடிதம், பணி அனுபவச் சான்றிதழ், அக்டோபர் சம்பளச் சீட்டு, நிதியாண்டு முடிந்ததும் படிவம் 16 ஆகியவற்றை மனிதவளப் பிரிவில் உள்ள என் வீட்டு முகவரிக்கு அனுப்பினால் நன்றி.

தீபாவளிக்கு இன்னும் 17 நாள்தான் இருக்கிறது. இந்த நேரத்தில் விலகுவது பிரிவுக்குச் சுமை என்பது தெரிந்தே எழுதுகிறேன். அதனால்தான் ஆர்டர்களின் நிலையை நேற்றே விரிவாக எழுதி வைத்தேன். என்னோடு பணிபுரியும் இளைய மெர்ச்சண்டைசரிடம் இன்று காலை 10 மணி முதல் ஒவ்வொரு ஃபைலையும் திறந்து காட்டி ஒப்படைக்கிறேன்.

பொறுப்பு ஒப்படைப்புக் குறிப்பு

முதல் ஆர்டர்: சிறுவர் டி-ஷர்ட், 160 ஜிஎஸ்எம் சிங்கிள் ஜெர்சி, 4 நிறம், 12,000 பீஸ். மூன்று நிறங்கள் தைத்துச் செக்கிங்கில் உள்ளன. நேவி நீலம் 3,000 பீஸ் இன்று கட்டிங்குக்குப் போகிறது. மிகக் கவனமாக இருக்க வேண்டிய இடம் இதுதான். நேவி சாயப்பட்டறையிலிருந்து இரண்டு லாட்டாக வந்தது: முதல் லாட் 310 கிலோ, இரண்டாவது 150 கிலோ. ட்யூப் லைட்டில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். லைட் பாக்ஸில் பகல் வெளிச்ச விளக்கைப் போட்டால் இரண்டாவது லாட் சற்றுச் சிவப்படிக்கும். பையர் இரண்டையும் ஏற்றுக்கொண்டுவிட்டார், ஆனால் ஒரே கார்ட்டனில் கலக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. அந்த மின்னஞ்சலின் அச்சுப்படி ஃபைலின் முதல் பக்கத்தில் உள்ளது.

ஆகவே முன், பின், கை மூன்றும் ஒரே லாட்டிலிருந்து வெட்டப்பட வேண்டும். இரண்டாவது லாட் பண்டல்களுக்கு மஞ்சள் டிக்கெட் கட்டும்படி கட்டிங் மாஸ்டரிடம் சொல்லியிருக்கிறேன். கழுத்து ரிப்பும் லாட் வாரியாகவே வந்திருக்கிறது. இரண்டாவது லாட் ரிப் 14 கிலோ, ராக்கின் கீழ்த் தட்டில் தனியாகக் கட்டி வைத்துள்ளேன். பண்டலைச் சரியாகப் பிரித்துவிட்டு ரிப்பை மாற்றிப் போட்டுவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. அது ஓவர்லாக் முடிந்த பிறகுதான் கண்ணில் படும், அப்போது பிரித்துத் தைக்க நேரம் இருக்காது.

இறுதி இன்ஸ்பெக்‌ஷன் 25-ஆம் தேதி, வெள்ளி. 12,000 பீஸுக்கு 315 பீஸ் எடுத்துப் பார்ப்பார்கள். ஏகியூஎல் 2.5-இல் பெரிய குறை 14 வரை பாஸ், 15 வந்தால் ஃபெயில். 24-ஆம் தேதி மாலைக்குள் நாமே 315 பீஸ் எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது. கார்ட்டனுக்கு 40 பீஸ், மொத்தம் 300 கார்ட்டன், ஏறத்தாழ 21.6 கன மீட்டர். 20 அடி கன்டெய்னர் ஒன்று போதும். 28-ஆம் தேதி இரவு வண்டி கிளம்பியாக வேண்டும். தூத்துக்குடியில் கேட் மூடும் நேரம் 30-ஆம் தேதி மாலை 6 மணி. கணக்குப்படி ஒரு நாள் கையில் இருக்கிறது, ஆனால் 29-ஆம் தேதியிலிருந்தே பேக்கிங் ஆட்களும் டிரைவர்களும் ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். அந்த ஒரு நாளை நம்ப வேண்டாம்.

இரண்டாவது ஆர்டர்: பெண்கள் லெகிங்ஸ், 95 சதவீதம் காட்டன், 5 சதவீதம் லைக்ரா, 180 ஜிஎஸ்எம், 6,400 பீஸ். துணி 1,150 கிலோ தயார். வாஷ் ரிப்போர்ட்டில் நீளவாக்குச் சுருக்கம் 6.5 சதவீதம் வந்திருக்கிறது. பையர் அனுமதிப்பது 5. எனவே வீரபாண்டி காம்பாக்டிங் மில்லில் மறுபடி ஓட்டச் சம்மதம் வாங்கியிருக்கிறேன். துணி நாளை காலை அங்கே போக வேண்டும், டெலிவரி சலான் எழுதித் தயாராக உள்ளது, கையெழுத்து மட்டும் தாங்கள் நியமிப்பவர் போட வேண்டும். காம்பாக்டிங்கில் நீளம் ஒடுங்கும், ஜிஎஸ்எம் 188 முதல் 190 வரை ஏறும். பீஸுக்கு ஆகும் துணி எடையும் அதே அளவு கூடும் என்பதால் 60 கிலோ வரை துணி குறைய வாய்ப்புண்டு. இதற்கான நூலை இந்த வாரமே நிட்டிங்குக்குக் கொடுக்காவிட்டால் தீபாவளி விடுமுறைக்குப் பிறகுதான் துணி கிடைக்கும். வாங்கும் முடிவு தங்களுடையது. விலைப்புள்ளி ஃபைலில் உள்ளது.

பிபி சாம்பிள் 9-ஆம் தேதி அனுப்பியாயிற்று. ஒப்புதல் வரும்முன் லே விரிக்க வேண்டாம். விரிக்கும் முன்பும் துணியை ரோலிலிருந்து பிரித்து 24 மணி நேரம் தளர விட வேண்டும். லைக்ரா துணியை இழுவிசையோடு வெட்டினால் தைத்த பின் அளவு சுருங்கி ஒரு சைஸ் குறைவாக நிற்கும்.

மூன்றாவது ஆர்டர்: குழந்தை பாடிசூட், 8,000 பீஸ், டிசம்பர் ஷிப்மென்ட். இன்னும் நூல் நிலையில்தான் உள்ளது. ஒன்று மட்டும் மறக்கக் கூடாது. டிச் பட்டன் இழுவைச் சோதனையில் பையர் கேட்பது 90 நியூட்டன், 10 விநாடி. முதல் சாம்பிள் இதில் தோற்றது. பட்டன் நன்றாகத்தான் இருந்தது, ஒற்றைத் துணியில் அடித்ததால் துணி கிழிந்து பட்டன் கழன்றது. இரண்டு மடிப்புக்கு நடுவே ஃபியூசிங் வைத்து அடித்த இரண்டாவது சாம்பிள் தேறியது. பல்க்கிலும் அதே முறைதான் வேண்டும். இது குழந்தைகள் உடுத்துவது. உடைந்த ஊசிப் பதிவேட்டையும் நீடில் டிடெக்டர் பதிவேட்டையும் ஒரு நாள்கூட விடாமல் எழுதச் சொல்லுங்கள்.

இன்று ஒப்படைப்பவை: மடிக்கணினி, சார்ஜர், நிறுவன சிம் உள்ள கைபேசி, அடையாள அட்டை, சாம்பிள் அறைச் சாவி 2, ஷேட் பேண்ட் ஃபைல் 11. பெற்றுக்கொண்டதற்கு ஸ்டோர் பொறுப்பாளரின் கையெழுத்து வாங்கிக்கொள்வேன். நிறுவன மின்னஞ்சல், பையர் தளங்கள் இரண்டின் கடவுச்சொற்களை மூடிய உறையில் இணைத்துள்ளேன். இன்று மாலையே மாற்றிவிட வேண்டுகிறேன். மாலை 6 மணிக்குப் பிறகு டெலிவரி சலானிலோ பர்ச்சேஸ் ஆர்டரிலோ என் கையெழுத்து செல்லாது என்பதை ஜாப் ஒர்க் யூனிட்டுகளுக்கும் செக்யூரிட்டிக்கும் தெரிவித்துவிடவும். பையர்களுக்கு என் விலகல் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. எப்போது, எப்படிச் சொல்வது என்பது நிறுவனத்தின் உரிமை. விலைப்பட்டியல், டிசைன், பையர் தொடர்பு என எதன் நகலும் என்னிடம் இல்லை.

மேலே எழுதிய ஆர்டர்களில் ஐயம் எழுந்தால் 28.10.2024 வரை என் சொந்த மின்னஞ்சலுக்கு எழுதலாம். எழுதும் நாளன்றே மாலைக்குள் பதில் தருவேன். தொலைபேசி வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன், எழுத்தில் இருந்தால் இரு பக்கத்துக்கும் தெளிவாக இருக்கும்.

நூலிலிருந்து கார்ட்டன் வரை ஓர் ஆர்டரைத் தனியாக நடத்தும் பொறுப்பை எனக்குக் கொடுத்தது இந்த நிறுவனம். கட்டிங் மாஸ்டர், பேட்டர்ன் மாஸ்டர், பேட்லாக் லைன் அக்காமார், செக்கிங் பெண்கள் எல்லோரிடமும் கற்றுக்கொண்டது நிறைய. அவர்கள் அனைவருக்கும் தங்களுக்கும் என் மனமார்ந்த நன்றி.

இக்கடிதத்தின் இரண்டாம் படியில் பெற்றுக்கொண்ட நாளும் நேரமும் எழுதிக் கையொப்பமிட்டுத் தர வேண்டுகிறேன். மின்னஞ்சலிலும் ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலிலும் இன்றே அனுப்புகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
ப. கவிதா

இணைப்பு: 1. பணிக்கொடை விண்ணப்பம். 2. நியமன ஆணை நகல். 3. பயண ரசீதுகளின் நகல்கள். 4. கடவுச்சொல் உறை.

நகல்: மனிதவள மேலாளர், கணக்குப் பிரிவு மேலாளர்.