பம்ப் ஏ-யின் சீல் பற்றி நேற்று நீங்கள் கேட்ட கேள்வியும் பராமரிப்புப் பொறியாளர் பணிக்கான என் விண்ணப்பமும்

வணக்கம் சுந்தரம் சார்,

நேற்று வேலைவாய்ப்பு முகாமில் மாலை நாலரை மணிவாக்கில் உங்கள் அரங்குக்கு வந்து, பராமரிப்புப் பொறியாளர் பணி பற்றிக் கேட்ட மலர்விழி நான். வைப்ரேஷன் ரீடிங் தாள்கள் இருந்த சாம்பல் நிறக் கோப்பைப் புரட்டிப் பார்த்தீர்கள். பின்னால் வரிசை நின்றபோதும் கால் மணி நேரம் உட்கார்ந்து பேசியதற்கு மனமார்ந்த நன்றி.

நீங்கள் கேட்ட கேள்விக்கு அங்கே பாதிப் பதில்தான் சொன்னேன். மீதியை இங்கே எழுதுகிறேன்.

80 டிகிரி வெந்நீரைச் சுற்ற விட ஒரே மாடலில் இரண்டு பம்ப். பி ஒன்றரை வருடமாக ஒரே மெக்கானிக்கல் சீலில் ஓடுகிறது. ஏ-யில் ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு சீல் போகிறது. “முதலில் எதைப் பார்ப்பீர்கள்?” என்றீர்கள். அலைன்மென்ட் என்றேன். லேசர் வைத்து இரண்டு முறை பார்த்தாகிவிட்டது என்றீர்கள். அலைன்மென்ட்டையும் பார்க்கத்தான் வேண்டும், ஆனால் அது முதல் வேலை அல்ல. முதலில் பார்க்க வேண்டியது கழற்றிய பழைய சீலை. ஏன் போனது என்பது அதன் இரண்டு முகங்களிலும் பதிந்திருக்கும். அதைத் துடைத்துக் குப்பையில் போட்டுவிட்டால் அடுத்த ஆறு வாரம் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

கடினமான முகத்தில் மையத்திலிருந்து வெளிநோக்கி மயிரிழை விரிசல்கள் இருந்தால், முகங்களுக்கு நடுவே தண்ணீர்ப் படலம் இல்லாமல் உலர்ந்து ஓடியிருக்கிறது. கார்பன் முகத்தின் ஓரங்கள் சில்லுச் சில்லாகப் பெயர்ந்திருந்தால் படலம் ஆவியாகி, முகங்கள் திறந்து திறந்து மூடியிருக்கின்றன. தேய்மானத் தடம் முகத்தின் அகலத்தைவிட அகலமாக இருந்தால் ஷாஃப்ட் ஆடுகிறது. அப்போதுதான் அலைன்மென்ட், பேரிங், ஷாஃப்ட் வளைவு ஆகியவற்றுக்குப் போக வேண்டும். முகங்கள் இரண்டும் நன்றாக இருந்து, ஓ-ரிங் மட்டும் உப்பியிருந்தால் தப்பு பெரும்பாலும் பொருத்தியதில் இருக்கிறது. இந்தக் கடைசி வகையைப் பலர் தேடுவதே இல்லை. வெந்நீருக்குப் பெரும்பாலும் ஈ.பி.டி.எம் ரப்பர்தான் போடுவார்கள். அது வெந்நீரைத் தாங்கும், மினரல் ஆயிலைத் தாங்காது. ஷாஃப்டில் வழுக்கிக்கொண்டு ஏறட்டும் என்று சாதாரண கிரீஸைத் தடவினால் சில நாளில் ரப்பர் ஊதி, ஸ்பிரிங் தள்ளினாலும் நகராமல் பிடித்துக்கொள்ளும். சோப்புத் தண்ணீரோ சிலிக்கோன் கிரீஸோதான் தடவ வேண்டும். ஏ-யைப் பொருத்திய கை வேறு, பி-யைப் பொருத்திய கை வேறு என்றால் இதை முதலில் கேட்பேன்.

வெளிப்பக்கம் வெள்ளையாகப் படியும் உப்பும் முக்கியம். சீல் வழியாகக் கசியும் மிகச் சிறிதளவு வெந்நீர் ஆவியாகும்போது, அதில் கரைந்திருந்த உப்பு அங்கேயே தங்கி முகத்தைச் சுரண்டும். ஆனால் ஒரே தண்ணீர் இரண்டு பம்பிலும் ஓடும்போது ஏ மட்டும் போவதற்கு இது தனிக் காரணம் ஆகாது. ஏ-யில் முகங்கள் அதிகமாகச் சூடாகின்றன என்பதற்கான அடையாளமாகவே இதை எடுத்துக்கொள்வேன்.

என் சந்தேகமும் அந்தப் பக்கம்தான். தண்ணீர் சாதாரணக் காற்றழுத்தத்தில் 100 டிகிரியில் கொதிக்கும். முகங்களுக்கு நடுவிலுள்ள படலத்தின் காற்றுப் பக்க ஓரம் கிட்டத்தட்ட அந்த அழுத்தத்தில்தான் இருக்கிறது. 30 டிகிரித் தண்ணீர் என்றால் உராய்வுச் சூடு ஏற 70 டிகிரி இடம் உண்டு. 80 டிகிரித் தண்ணீரில் 20 டிகிரிதான் இருக்கிறது. பி-யில் அந்த 20 போதுகிறது, ஏ-யில் ஏதோ ஒன்று அதையும் தின்கிறது. அது எது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

இரண்டு பம்புக்கும் உள்ள வேறுபாட்டைத் தேட, ஒரே ஷிஃப்டில் ஒன்றை நிறுத்தி மற்றதை ஓட்டி நாலு அளவு எடுப்பேன்: சக்ஷன் அழுத்தம், டிஸ்சார்ஜ் அழுத்தம், மோட்டார் ஆம்ப்பியர், சீலுக்குப் போகும் ஃப்ளஷ் குழாயின் வெப்பம். கேஜ்களை நம்ப முடியாவிட்டால் ஒரே கேஜை மாற்றி மாற்றிப் பொருத்தலாம். ஃப்ளஷ் குழாயில் உள்ள ஆரிஃபிஸ் பெரும்பாலும் 3 மி.மீ. ஓட்டைதான். துருத் துணுக்கு ஒன்று போய் உட்கார்ந்தால் போதும், சீல் அறைக்கு ஓட்டம் நின்றுவிடும். குழாயைத் தொட்டால் பம்ப் உடலைவிடக் குளிர்ச்சியாக இருக்கும். கழற்றிப் பார்க்க அரை மணி நேரம் ஆகும். இவ்வளவு மலிவான சோதனையைச் செய்யாமல் சீலை மாற்றக் கூடாது.

அடுத்தது சக்ஷன். ஏ-க்கு முன்னால் எல்போ மிக அருகில் இருக்கிறது என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னீர்கள். இரவு நேரத்தில் கூழாங்கல் உருள்வது போன்ற சத்தம் வருவதாகவும் சொன்னீர்கள். 80 டிகிரியில் தண்ணீரின் ஆவி அழுத்தம் சுமார் 47 கிலோபாஸ்கல், அதாவது அந்தத் தண்ணீரிலேயே சுமார் 5 மீட்டர் உயரம். 30 டிகிரியில் இது 0.4 மீட்டர்தான். வெந்நீர் என்பதாலேயே சக்ஷன் பக்கம் நாலரை மீட்டர் போய்விடுகிறது. தொட்டி திறந்த தொட்டி, நீர்மட்டம் பம்ப் மையத்துக்கு ஒன்றரை மீட்டர் மேலே, குழாய் உராய்வில் 0.8 மீட்டர் இழப்பு என்று வைத்துக்கொண்டால், கடல் மட்டத்தில் 10.6 கூட்டல் 1.5 கழித்தல் 0.8 கழித்தல் 5.0, ஆக 6.3 மீட்டர் என்.பி.எஸ்.எச் கையில் இருக்கும். உங்கள் உண்மையான மட்டத்தையும் குழாய் நீளத்தையும் போட்டு, பம்ப் வளைவில் கேட்கும் அளவோடு ஒப்பிட வேண்டும். ஸ்ட்ரெய்னர் பாதி அடைந்தாலும் இந்தக் கணக்கு குலைந்துவிடும், ஏனென்றால் மிச்சத் திறப்பில் வேகம் கூடுகிறது, இழப்பு வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுகிறது. எல்போவுக்கும் பம்புக்கும் நடுவே குழாய் விட்டத்தைப் போல் ஐந்து முதல் பத்து மடங்கு நேர்க்குழாய் வேண்டும். அங்கே ரெட்யூசர் இருந்தால் எக்சென்ட்ரிக் வகையா, தட்டைப் பக்கம் மேலே இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டிருந்தால் மேலே காற்று தங்கும்.

சத்தம் கேவிட்டேஷனா, உள்ளே இழுக்கும் காற்றா என்று பிரிக்க, டிஸ்சார்ஜ் வால்வைச் சிறிது மூடிப் பார்க்கலாம். ஓட்டம் குறைய பம்ப் கேட்கும் என்.பி.எஸ்.எச்சும் குறையும், ஆகவே கேவிட்டேஷன் என்றால் சத்தம் அடங்கும். காற்று என்றால் பெரிதாக மாறாது. மூடும்போது சத்தம் கூடினால் கதையே வேறு. அது குறைந்த ஓட்டத்தில் பம்புக்குள்ளேயே தண்ணீர் சுழன்று திரும்புவது. இரவில் தேவை குறையும்போது வால்வை நெருக்குகிறார்கள் என்றால் இதற்கு வாய்ப்பு அதிகம். அந்த நிலையில் இம்பெல்லரின் ஒரு பக்கம் பளு கூடி ஷாஃப்ட் வளையும், சீல் முகம் இணையாக நிற்காது. இதைத் தெரிந்துகொள்ள அழுத்த வேறுபாட்டை உயரமாக மாற்றிப் பம்ப் வளைவில் வைத்துப் பார்க்க வேண்டும். 80 டிகிரித் தண்ணீரில் ஒரு பார் என்பது சுமார் 10.5 மீட்டர். குளிர்நீர்க் கணக்கில் 10.2 என்று போட்டால் புள்ளி கொஞ்சம் தள்ளி விழும்.

இப்போது அலைன்மென்ட்டுக்கு வருகிறேன். லேசர் ரீடிங் சரியாக இருந்தும் பம்ப் கெடுவதற்கு மூன்று காரணம் உண்டு. முதலாவது சாஃப்ட் ஃபுட். காலின் மேல் டயல் கேஜ் வைத்து ஒவ்வொரு போல்டாகத் தளர்த்தும்போது முள் 0.05 மி.மீ.க்கு மேல் நகர்ந்தால், ஷிம் போட்டுச் சரிசெய்யாமல் அலைன்மென்ட் எடுப்பது வீண். இரண்டாவது பைப் இழுவை. கப்ளிங்கில் டயல் கேஜை நிறுத்தி, சக்ஷன் ஃபிளாஞ்ச் போல்டுகளைத் தளர்த்தும்போது அதே 0.05 மி.மீ. வரம்பைத் தாண்டினால் குழாய்தான் பம்பை இழுத்துப் பிடித்திருக்கிறது. மூன்றாவது சூடு. ஷாஃப்ட் மைய உயரம் 200 மி.மீ., பம்ப் 50 டிகிரியும் மோட்டார் 20 டிகிரியும் ஏறுகின்றன என்றால், வார்ப்பிரும்பு மீட்டருக்கு டிகிரிக்கு 11 மைக்ரான் வீதம் பம்ப் 0.11 மி.மீ., மோட்டார் 0.04 மி.மீ. உயரும். குளிரில் சமமாக வைத்தது சூட்டில் 0.07 மி.மீ. விலகும். பம்பின் கால் முழுச் சூட்டுக்கு வராது என்பதால் இது மேல் வரம்புதான், ஆனாலும் விட்டுவிடக்கூடிய அளவு இல்லை. உங்கள் லேசர் ரீடிங்குகள் இரண்டும் பம்ப் குளிர்ந்த பிறகு எடுத்தவையா என்று அங்கேயே கேட்டிருக்க வேண்டும். இப்போது கேட்கிறேன்.

ஸ்டார்ட் செய்யும் முறையும் உண்டு. சீல் அறையின் மேல்மூலையில் காற்று தங்கியிருந்தால், வென்ட் செய்யாமல் ஓட்டும் முதல் நிமிடங்களிலேயே முகம் காயும். நின்றிருக்கும் பம்பை மாற்றி ஓட்டுவது எந்த ஷிஃப்டில், யார் வென்ட் வால்வைத் திறக்கிறார்கள் என்று லாக் புத்தகத்தில் பார்த்துவிடுவேன். இவையெல்லாம் சரியாக இருந்தும் முகம் ஆவியால்தான் கெடுகிறது என்றால், சீல் அறைத் தண்ணீரைக் கூலர் வழியாகச் சுற்றவிடும் ஏ.பி.ஐ பிளான் 23 ஏற்பாடு பொருந்தும். செலவு பிடிக்கும் என்பதால் அதைக் கடைசியில் வைக்கிறேன்.

பார்க்காமல் எழுதிய பதில் இது. நீங்கள் வைத்திருக்கும் பழைய சீல் ஒன்றின் இரண்டு முகங்களையும் தெளிவாகப் படம் எடுத்து அனுப்ப முடிந்தால் இந்தப் பட்டியலில் பாதியை அடித்துவிடலாம். நிறுவன விதி இடம் கொடுக்காவிட்டால் பரவாயில்லை.

விண்ணப்பத்தை உங்கள் இணையதளத்தில் நேற்றிரவே பதிவு செய்துவிட்டேன். இரண்டு பக்க ரெஸ்யூமேயும், உங்களோடு இருந்த மனிதவளப் பிரிவு மேடம் கேட்ட பட்டச் சான்றிதழும், மேலே சொன்ன சோதனைகளை ஒரே பக்கத்தில் வரிசைப்படுத்திய தாளும் இத்துடன் இணைத்துள்ளேன். சுழலும் இயந்திரப் பராமரிப்பில் மூன்று ஆண்டு அனுபவம். டயல் கேஜ், லேசர் இரண்டிலும் அலைன்மென்ட் தனியாகச் செய்வேன். மோட்டார் ரீவைண்டிங்கில் அனுபவம் இல்லை, அதை ரெஸ்யூமேயிலும் எழுதியிருக்கிறேன். இரவு ஷிஃப்ட் சம்மதம். தற்போதைய வேலையில் 30 நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும்.

அடுத்த கட்டம் நேரில் ஆலையைப் பார்ப்பதாகவும் இருக்கலாம் என்று சொன்னீர்கள். வரும் வாரம் செவ்வாய் அல்லது வியாழன் காலை எந்த நேரமும் வர முடியும். வேறு நாள்தான் தோது என்றால் சொல்லுங்கள், விடுப்பு எடுத்துக்கொள்கிறேன். இந்த மின்னஞ்சலுக்கே பதில் அனுப்பினால் போதும் சார்.

நன்றியுடன்,
மலர்விழி