டிஸ்கவர் மோட்டார் சைக்கிளின் விலை பற்றி

வணக்கம் அண்ணா. ஞாயிற்றுக்கிழமை தலவாக்கலையில் வந்து வண்டியைப் பார்த்த கொட்டகலை சிவா பேசுகிறேன். ஓட்டிப் பார்க்க மனமார விட்டீர்கள், அதற்கு நன்றி. வண்டி எனக்குப் பிடித்திருக்கிறது. 2015ஆம் ஆண்டு வண்டிக்கு எஞ்சின் சுத்தமாக இருக்கிறது, புகையும் இல்லை. ஆனால் நீங்கள் கேட்கும் 385,000 ரூபாய்க்கு என்னால் எடுக்க முடியாது. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

லிந்துலைப் பக்கம் ஏற்றத்தில் மூன்றாவது கியரில் முறுக்கியபோது எஞ்சின் சத்தம்தான் ஏறியது, வண்டி ஏறவில்லை. கிளட்ச் பிளேட் தேய்ந்துவிட்டது. பின் ஸ்ப்ரொக்கெட்டின் பற்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து கூராகிவிட்டன. அதற்குப் புதுச் செயின் மட்டும் போட்டால் அதுவும் சீக்கிரம் போய்விடும், செட்டாகத்தான் மாற்ற வேண்டும். முன் ஃபோர்க்கின் இடது குழாயில் எண்ணெய் கசிந்து தூசி அப்பியிருந்ததை நீங்களும் பார்த்தீர்கள். பின் டயரின் நடுவில் கோடே இல்லை. நான் தினமும் வட்டவளைக்கு வேலைக்குப் போய் வருகிறவன். அங்கே பெய்யும் மழையில், அந்த வளைவுகளில், இந்த டயரோடு போக மாட்டேன். ஹட்டனில் எனக்குத் தெரிந்த கராஜில் கேட்டேன், கூலியோடு ஏறக்குறைய 34,000 ரூபாய் ஆகும் என்றார்கள்.

அதைவிட எனக்குப் பெரிய கவலை வண்டியின் பதிவுப் புத்தகம். அது இன்னும் முந்தைய உரிமையாளரான கண்டிக்காரர் பெயரில்தான் இருக்கிறது, லீசிங் கம்பனியின் பெயரும் நீக்கப்படவில்லை. கடன் கட்டி முடிந்தது என்று நீங்கள் சொன்னதை நம்புகிறேன். ஆனால் கம்பனியின் விடுவிப்புக் கடிதமும், பதிவு உரிமையாளர் கையொப்பமிட்ட மாற்றப் படிவங்களும், அவருடைய அடையாள அட்டைப் பிரதியும் இல்லாமல் என் பெயருக்கு மாற்ற முடியாது. நாளை அவர் வெளிநாடு போய்விட்டால் நான் யாரைத் தேடுவேன்? வாங்குபவர் பெயர் எழுதாத திறந்த படிவத்தை வைத்துக்கொண்டு வண்டி ஓட்ட எனக்கு மனமில்லை.

வருமான அனுமதிப்பத்திரமும் காலாவதியாகிவிட்டது. தண்டப்பணத்தோடு அதைப் புதுப்பிப்பதற்கு முன் புகைப் பரிசோதனையும் காப்புறுதியும் வேண்டும்.

ஆகவே நான் சொல்லும் விலை 335,000 ரூபாய். பழுது வேலை முழுவதும் என் பொறுப்பு. விடுவிப்புக் கடிதமும் கையொப்பங்களும் எடுத்துத் தருவது உங்கள் பொறுப்பு. அனுமதிப்பத்திரத்தையும் நீங்களே புதுப்பித்துக் கொடுத்தால் 345,000 வரை வருகிறேன். வாகன இறக்குமதி நின்றிருந்த காலத்தில் நீங்கள் விலை கொடுத்து வாங்கியிருப்பீர்கள், அது எனக்கும் தெரியும். அதனால்தான் இவ்வளவுக்கு வருகிறேன். இதற்கு மேல் என் கையில் இல்லை.

சம்மதமென்றால் 20,000 ரூபாய் முற்பணத்தை எழுத்தில் ரசீது வாங்கிக்கொண்டு தருகிறேன். கடிதங்கள் சரியாக வராவிட்டால் அதைத் திருப்பித் தர வேண்டும் என்று அதிலேயே எழுதிக்கொள்வோம். மீதியைப் படிவங்கள் கைக்கு வந்து, சேசிஸ் இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த அன்றே வங்கியில் போட்டுவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமைக்குள் ஒரு பதில் சொல்லுங்கள் அண்ணா. அதுவரை வேறு வண்டி பார்க்க மாட்டேன்.

சிவா, கொட்டகலை